931 ஜிபிக்குள் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்: எந்த பேக்கப் என்று முடிவு செய்த கதை

2024 ஜூலை 30, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து போன் வந்தது. "தம்பி, சர்வர் ஆன் ஆகுது, ஆனா டி டிரைவைக் காணோம்" என்றார் ஆடிட்டர். மறுநாள் வருமான வரி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். குரலில் பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் பேசினார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அங்கே பேக்கப் ஏற்பாடு செய்தவன் நான்.

போய்ப் பார்த்ததில் D: இருந்த ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று வெளி டிஸ்க்கைத் திறந்தேன். ஜூன் 30 ஞாயிறு இரவு எடுத்த ஃபுல் பேக்கப் இருந்தது. அதற்கு அடுத்த ஃபோல்டரின் பெயர் ஜூலை 8. ஜூலை 1 முதல் 6 வரையிலான ஆறு ஃபோல்டர்களும் இல்லை.

ஆபீஸில் வேலை பார்க்கும் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "நேத்து டிஸ்க் ஃபுல்னு வந்துச்சுண்ணா. பழசா இருந்த ஆறு ஃபோல்டரை டிலீட் பண்ணேன்." ஷிஃப்ட் டிலீட். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடம் இல்லையென்றால் பழையதைத்தான் யாரும் அழிப்பார்கள். இன்கிரிமென்டல் பேக்கப்பில் பழையது என்று எதுவும் கிடையாது என்பதை அவனுக்கு நான் சொல்லிவைக்கவில்லை.

என்ன போனது, என்ன தப்பியது

ஃபைல் பிறந்தாலும் மாறினாலும் விண்டோஸ் அதன்மேல் ஒரு சின்னக் கொடியை ஏற்றிவைக்கும். ஆர்கைவ் பிட் என்பார்கள். கொடி ஏறியிருந்தால் அந்த ஃபைலை இன்னும் பேக்கப் எடுக்கவில்லை என்று அர்த்தம். இன்கிரிமென்டல் முறை கொடி ஏறிய ஃபைல்களை நகலெடுத்துவிட்டுக் கொடியை இறக்கிவிடும். அதனால் செவ்வாய் ஃபோல்டரில் செவ்வாய்க்கிழமை மாறியவை மட்டுமே இருக்கும். டிஃபரன்ஷியல் முறை நகலெடுக்கும், கொடியை இறக்காது. அதனால் செவ்வாய் ஃபோல்டரில் திங்களும் செவ்வாயும் மாறியவை இரண்டும் இருக்கும், சனிக்கிழமை ஃபோல்டரில் அந்த வாரம் முழுக்க மாறியவை இருக்கும். ஃபுல் எடுத்தால்தான் எல்லாக் கொடியும் இறங்கும்.

நான் வைத்திருந்தது மாதம் ஒரு ஃபுல், தினமும் ஒரு இன்கிரிமென்டல். திருப்பி எடுக்கும்போது ஃபுல்லை முதலில் போட்டு, அதன்மேல் ஒவ்வொரு நாளையும் தேதி வரிசையில் அடுக்க வேண்டும். நடுவில் ஆறு படி இல்லை. என்ன ஆகும் என்பது ஃபைலைப் பொறுத்தது, அன்றைக்கு அதைக் கண்ணெதிரே பார்த்தோம்.

மெயில் ஃபைல், அதாவது அவுட்லுக்கின் பிஎஸ்டி, பழுதில்லாமல் வந்தது. அது தினமும் மாறுகிறது, தினமும் முழுதாக நகலாகிறது. முதல் வாரத்து நகல்கள் போனாலும் திங்கள் இரவு எடுத்த நகல் போதும். ஸ்கேன்கள்தான் போயின. ஜூலை முதல் வாரம் சுமார் நாற்பது பேரின் படிவம் 16, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் ஸ்கேன் செய்து, காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஃபைல்களை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஒரே ஒரு நாளின் ஃபோல்டரில் மட்டும் இருந்தவை அந்த ஃபோல்டரோடு போயின. டிலீட் ஆனதை மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். திங்கள் இரவு பேக்கப் அந்தக் காலி இடத்தின் மேலேயே எழுதியிருந்ததால் பாதிகூடத் தேறவில்லை.

டேலி இரண்டுங்கெட்டானாக வந்தது. முதல் வாரம் மட்டும் வேலை நடந்த நான்கு கம்பெனிகள் ஜூன் 30 நிலைக்குப் போய்விட்டன. அதாவது பரவாயில்லை, எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இன்னும் இரண்டு கம்பெனிகள் திறக்கும்போதே பிழை காட்டின. டேலியில் ஒரு கம்பெனி என்பது ஒரு ஃபோல்டருக்குள் பல ஃபைல்கள். அதில் சில ஜூன் மாதத்தவை, சில ஜூலை கடைசி வாரத்தவை என்று கலந்துவிட்டதால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

இதில் நாள் முழுக்கப் போனது. அப்புறம் இன்னொரு கூத்து: பையன் மாதம் முழுக்க அழித்த வரைவு ஃபைல்கள், பெயர் மாற்றிய எக்ஸெல்கள் எல்லாம் உயிர்த்தெழுந்து வந்துவிட்டன. இப்படி ஃபைல் ஃபைலாக அடுக்கும் முறையில் "இது அழிக்கப்பட்டது" என்ற குறிப்பு எங்கும் கிடையாது. எது கடைசிக் கணக்கு என்று தேடுவதிலேயே இரவு பத்து மணியானது.

தப்பு எங்கே தொடங்கியது

இடம் குறைவென்றால் இன்கிரிமென்டல், இடம் நிறைய இருந்தால் டிஃபரன்ஷியல். நான் படித்த பாடம் அது, அதையே யோசிக்காமல் போட்டேன். இந்த ஆபீஸில் அந்தப் பாடம் தலைகீழானது. எப்படி என்று கணக்கைப் பார்த்தால் புரியும்.

மொத்த டேட்டா 282 ஜிபி. அதில் 214 ஜிபி முந்தைய ஆண்டுகளின் ஸ்கேன்கள், யாரும் மாற்றுவதில்லை. நடப்பு ஆண்டின் ஸ்கேன், வேர்ட், எக்ஸெல் சேர்ந்து 46 ஜிபி. டேலி 10 ஜிபி, மெயில் ஃபைல் 12 ஜிபி. பேக்கப் டிஸ்க் 1 டிபி. அதை மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். டிஸ்க் விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. திருட்டு எதுவும் இல்லை.

சீசனில் ஒரு நாளில் புதிதாக வரும் ஸ்கேன் 0.8 ஜிபிதான். டேலியில் அன்று தொட்ட கம்பெனிகள் 3 ஜிபி. மெயில் ஃபைலோ, ஒரே ஒரு மெயில் வந்தாலும், ஏன், அவுட்லுக்கைத் திறந்து மூடினாலே மாறிவிடும். அப்போது கொடி ஏறுவது 12 ஜிபி முழுவதுக்கும். ஆக ஒரு நாள் இன்கிரிமென்டல் 15.8 ஜிபி. அதில் உண்மையில் புதியது எவ்வளவு என்று கேட்டால் ஒரு ஜிபியைத் தாண்டாது. மிச்சமெல்லாம் ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தது. நான் முதலில் இதை ஏற்பாடு செய்தபோது மெயில் ஃபைல் 4 ஜிபி. அது வளர்ந்ததை நான் கவனிக்கவில்லை.

டிஸ்க்கில் பாதுகாப்புக்காகப் போன மாத ஃபுல் ஒன்று, இந்த மாத ஃபுல் ஒன்று. இரண்டும் சேர்ந்து 564. ஜூலையில் முஹர்ரம் அன்றும் ஆபீஸ் திறந்திருந்ததால் 26ஆம் தேதி வெள்ளியோடு 23 வேலை நாள். 23 நாளுக்கு 363 ஜிபி. மொத்தம் 927. சனிக்கிழமை இரவு டிஸ்க்கில் மிச்சம் 4 ஜிபி, தேவை 15.8. லாக் ஃபைலில் அந்த வரி இன்னும் இருக்கிறது:

```
ERROR 112 (0x00000070) Copying File D:\Office\Mail\office.pst
There is not enough space on the disk.
```

நகலாகாத ஃபைலின் கொடி இறங்காது. அதனால் சனிக்கிழமை விட்டுப்போனதைத் திங்கள் இரவு ஓட்டம் எடுத்துக்கொண்டது. அந்த ஒரு விஷயத்தில் முறை சரியாகவே வேலை செய்தது. திங்கள் காலை பையன் இடம் ஒதுக்கியதுதான் சங்கிலியை அறுத்தது.

இதே மாதத்தை டிஃபரன்ஷியலில் ஓட்டியிருந்தால்? முதல் நாள் அதே 15.8 ஜிபி. ஆனால் அது நாளுக்கு நாள் இரட்டிப்பாகாது, ஏனென்றால் மாறுவது அதே மெயில் ஃபைல், அதே டேலி கம்பெனிகள். மாதக் கடைசியில் மெயில் 12, டேலி அதிகபட்சம் 10, மாதம் முழுக்க வந்த ஸ்கேன் 21, ஆக 43 ஜிபியில் நின்றுவிடும். கடைசி இரண்டு நாளை மட்டும் வைத்துக்கொண்டால் 86 ஜிபி போதும். இன்கிரிமென்டலோ 26 நாளையும் வைத்தே ஆக வேண்டும், அது 411 ஜிபி. முக்கியமாக, பையன் ஜூலை 1 முதல் 6 வரை அழித்திருந்தாலும் ஒன்றும் போயிருக்காது. டிஃபரன்ஷியலில் பழையது உண்மையிலேயே பழையதுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு நாள் மட்டும் வைத்தால் இரண்டு நாள்தான் பின்னால் போக முடியும். டேலி கம்பெனி ஒன்று திங்கட்கிழமை கெட்டு, வியாழக்கிழமை கண்ணில் பட்டால் இரண்டு நகலிலும் கெட்டதுதான் இருக்கும். எல்லா நாளையும் வைத்துக்கொள்ளலாம் என்றால் சராசரி 30 ஜிபி வீதம் 26 நாளுக்கு 780 ஆகிறது, டிஸ்க் தாங்காது. தினமும் ஃபுல் என்பதும் இதே நோய். 282 வீதம் மூன்றுதான் பிடிக்கும்.

ஆக எந்த முறை என்ற கேள்விக்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது: தினமும் மாறுவது அதே ஃபைல்களா, வேறு வேறு ஃபைல்களா? அதே ஃபைல்கள் என்றால் டிஃபரன்ஷியல் ஓரிடத்தில் வந்து நிற்கும், இன்கிரிமென்டல் வளர்ந்துகொண்டே போகும். தினமும் புதுப்புது ஃபைல்கள் என்றால் நேர்மாறு.

அளந்து பார்த்தது

இதை ஊகிக்க வேண்டியதில்லை. எல்லாக் கொடியையும் ஒருமுறை இறக்கிவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையை ஒரு வாரம் தினமும் மாலை இப்படி ஓட்டினேன்:

```
robocopy D:\Office C:\Alavu /S /A /L /NFL /NDL
```

இதில் `/L` இருப்பதால் எதுவும் நகலாகாது, எவ்வளவு நகலாகும் என்று மட்டும் சொல்லும். கடைசியில் வரும் சுருக்கத்தில் `Bytes` வரியைக் குறித்துக்கொண்டேன். திங்கள் 15.8 ஜிபி, சனிக்கிழமை 24.8. ஆறு நாளில் ஆறு மடங்கு ஆகவில்லை, ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். பதில் அதிலேயே இருந்தது.

அதற்கு மேல் இரண்டு காரியம் செய்தோம். உண்மையைச் சொன்னால், முறையை மாற்றியதைவிட இவைதான் அதிக இடத்தை மிச்சப்படுத்தின.

முதலாவது, மாறாத 214 ஜிபியைச் சுழற்சியிலிருந்து எடுத்துவிட்டது. மாதா மாதம் ஃபுல் என்ற பெயரில் நான்கு வருடத்துக்கு முந்தைய ஸ்கேன்களை நகலெடுப்பதில் என்ன இருக்கிறது? பேக்கப் டிஸ்க்கில் ஒரு பிரதி, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த 500 ஜிபி டிஸ்க்கில் இன்னொரு பிரதி. சர்வரில் அந்த ஃபோல்டரை D:\Pazhayathu என்று தனியாக நகர்த்தி, யாரும் எழுத முடியாதபடி பூட்டினேன். ஒவ்வொரு வருடமும் வேலை முடிந்த ஆண்டை அங்கே தள்ளிவிட வேண்டும்.

இரண்டாவது, மெயில். பழைய மெயில்களை இன்னொரு பிஎஸ்டிக்கு நகர்த்தியதில் தினசரி ஃபைல் 3 ஜிபியானது, பழையது 9 ஜிபி. இங்கே ஒரு வழுக்கல் உண்டு: பழைய பிஎஸ்டியை அவுட்லுக்கின் இடது பக்கப் பட்டியலில் திறந்தே வைத்திருந்தால் அதுவும் தினமும் மாறும், பிரித்ததில் பயனில்லை. மூடிவைத்து, வேண்டும்போது மட்டும் திறக்கச் சொன்னேன். முதல் வாரம் யாரோ திறந்தே விட்டுவிட்டார்கள். அன்றைய லாகில் 9 ஜிபி கூடுதலாக வந்தது, உடனே தெரிந்துவிட்டது.

இப்போது ஃபுல் 59 ஜிபி. முதல் நாள் டிஃபரன்ஷியல் 6.8, ஆறாம் நாள் 15.8, ஆறும் சேர்ந்து 68. வாரம் ஒரு ஃபுல்லோடு 127 ஜிபி. பழைய ஸ்கேனும் பழைய மெயிலும் போக டிஸ்க்கில் மிச்சம் 708. ஐந்து வாரம் பிடிக்கும், ஆனால் நான்கு வாரம்தான் வைத்திருக்கிறேன். புது ஃபுல் எழுதி முடிந்த பிறகுதான் பழைய வாரத்தை அழிக்க வேண்டும், அதற்கு எப்போதும் ஒரு ஃபுல் அளவு காலி இடம் வேண்டும். அழித்துவிட்டு எழுதலாம் என்று தொடங்கினால், நடுவில் மின்சாரம் போகிற அன்று கையில் எதுவும் இருக்காது.

இன்கிரிமென்டலில் வாரம் 100 ஜிபிதான் ஆகும். 27 ஜிபி கூடுதலாகக் கொடுத்து டிஃபரன்ஷியல் எடுத்தேன். எந்த நாளுக்குத் திரும்ப வேண்டுமானாலும் இரண்டே ஃபோல்டர், யார் எதை அழித்தாலும் சங்கிலி இல்லை. நான் இல்லாத நாளில் பையனே செய்துவிடலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு இன்கிரிமென்டல்தான் போட்டிருக்கிறேன். அங்கே தினமும் வருவது முழுக்கப் புதுப் படங்கள். டிஃபரன்ஷியல் போட்டால் திங்கட்கிழமை கல்யாணத்தை வாரம் முழுக்க ஆறு தடவை நகலெடுக்கும்.

ஞாயிறு இரவு ஓடுவது இது:

```
robocopy D:\Office E:\W1\FULL /E /R:1 /W:2 /LOG:E:\W1\full.txt
if errorlevel 8 exit /b 8
attrib -A D:\Office\*.* /S
```

திங்கள் முதல் சனி வரை, ஃபோல்டர் பெயர் மட்டும் மாறும்:

```
robocopy D:\Office E:\W1\MON /S /A /R:1 /W:2 /LOG:E:\W1\mon.txt
```

இதில் `/A` என்றால் கொடி ஏறியதை எடு, இறக்காதே. பழைய ஸ்கிரிப்டில் `/M` இருந்தது, எடுத்துவிட்டு இறக்கு. மொத்த வித்தியாசமும் அந்த ஓர் எழுத்துதான். `errorlevel 8` வரி எதற்கு என்றால், ரோபோகாப்பி 8 அல்லது அதற்கு மேல் சொன்னால் சில ஃபைல் நகலாகவில்லை என்று பொருள். அந்த நிலையில் கொடியை இறக்கிவிட்டால் விட்டுப்போன ஃபைல் அந்த வாரம் முழுக்க எந்த ஃபோல்டரிலும் வராது, யாருக்கும் தெரியவும் தெரியாது. `/R:1 /W:2` போடாவிட்டால், பூட்டிய ஃபைலை அது 30 விநாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயலும். காலையில் வந்து பார்த்தால் முதல் ஃபைலிலேயே நின்றுகொண்டிருக்கும்.

பூட்டிய ஃபைல் என்றதும் டேலி ஞாபகம் வருகிறது. யாராவது டேலியை மூடாமல் வீட்டுக்குப் போனால் லாகில் `ERROR 32 (0x00000020)` வரும். தினமும் காலை பையன் பார்ப்பது ஒன்றே ஒன்று: லாகின் அடியில் `FAILED` பத்தியில் பூஜ்யம் இருக்கிறதா. இல்லையென்றால் எனக்கு போன்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு, கொடியை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. வேறு ஏதாவது மென்பொருள் நடுவில் கொடியை இறக்கினால் டிஃபரன்ஷியல் அந்த ஃபைலைக் காணாது. சில ஜிப் மென்பொருள்களில் சுருக்கிய பிறகு கொடியை இறக்கும் வசதி இருக்கிறது. அங்கே இருந்ததில் அதை அணைத்துவைத்தேன். இன்னொன்று, இங்கே சொன்னதெல்லாம் ஃபைல் முழுதாக நகலாகும் முறைக்குப் பொருந்தும். டிஸ்க்கையே படமெடுத்து, மாறிய துண்டுகளை மட்டும் சேர்க்கும் மென்பொருள் வைத்திருந்தால் 12 ஜிபி மெயில் பிரச்சினையே வராது. ஆனால் அதில் இன்கிரிமென்டல் சங்கிலி நடுவில் அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளது எதுவும் தேறாது. ஜூலையில் எங்களுக்குக் கிடைத்த அரைகுறை மீட்புகூட அங்கே கிடைத்திருக்காது.

500 ஜிபி டிஸ்க்கில் பழையது போக 242 ஜிபி மிச்சம் இருந்தது. சனிக்கிழமை தோறும் அந்த வார ஃபுல்லும் சனி டிஃபரன்ஷியலும், 75 ஜிபி, அதில் ஏறும். ஆடிட்டர் அதைத் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு எடுத்துப்போவார். எப்போதும் கணினியில் மாட்டியே இருக்கும் டிஸ்க்கை வைரஸும் சேர்த்துப் பூட்டும் என்பது ஒரு காரணம். அவருக்கு அதைவிடப் பெரிய காரணம் 2011 டிசம்பர் 30, தானே புயல். "கூரைத் தகரம் பறந்து ஃபைல் எல்லாம் நனைஞ்சதைப் பாத்தவன் தம்பி நான்" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் நவம்பர்

2024 நவம்பர் 30 சனிக்கிழமை ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. வீட்டு டிஸ்க் நகலை வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை ஒருவர் மட்டும் வந்து ஒரு கம்பெனிக்கு டேலியில் பதிவு போட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் போனது, யுபிஎஸ் பேட்டரி தேய்ந்திருந்தது, கணினி நின்றது. சில நாள் கழித்து ஆபீஸைத் திறந்தபோது அந்த ஒரு கம்பெனி திறக்கவில்லை. டேலியே தரும் பழுது பார்க்கும் வழியும் கைகொடுக்கவில்லை.

டிசம்பர் 1 ஞாயிறு ஃபுல் ஓடவில்லை. அதனால் நவம்பர் 24 ஃபுல்லிலிருந்து அந்த ஒரு கம்பெனி ஃபோல்டரை எடுத்து வேறிடத்தில் வைத்து, அதன்மேல் நவம்பர் 29 வெள்ளி டிஃபரன்ஷியலில் இருந்த அதே ஃபோல்டரைப் போட்டோம். கெட்ட ஃபோல்டரின் மேல் நேராகக் கொட்டவில்லை. அப்படிச் செய்தால் சனிக்கிழமை மாறிய ஃபைல் ஏதாவது நடுவில் தங்கி, ஜூலையில் பட்ட பாடு திரும்ப வரும். முழுதாகப் பொருந்திய ஃபோல்டரை டேலியில் திறந்து, வெள்ளிக்கிழமை கடைசி வவுச்சர் எண்ணைப் பார்த்த பிறகுதான் பழையதை எடுத்துவிட்டு இதை அதன் இடத்தில் வைத்தோம்.

நான் போனில்தான் இருந்தேன், கையை வைத்தது பையன். இருபது நிமிடம் ஆனது. சனிக்கிழமை காலை போட்ட 14 வவுச்சர்கள் மட்டும் இல்லை. பில்கள் மேசையிலேயே இருந்ததால் மதியத்துக்குள் திரும்பப் பதிந்துவிட்டார்கள். யுபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொல்லி நான் அக்டோபரிலேயே எழுதிக் கொடுத்த சீட்டும் அதே மேசையில்தான் கிடந்ததாம்.